ஏரியைத் தூர்க்கச் சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடை இதழில் வந்த, உதகையின் வாகன நெரிசலைப் பற்றிய நையாண்டிக் கட்டுரையை இரண்டு முறை படித்துச் சிரித்தவன் நான். அடுத்த இதழின் 'சென்ற இதழில்' பகுதியில் அதற்குத் தரப்பட்டிருந்த சுருக்கத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அது இவ்வாறு இருந்தது: "நெரிசலைத் தீர்க்க உதகை ஏரியைத் தூர்த்து வாகன நிறுத்துமிடமாக மாற்ற வேண்டும் என்று கட்டுரையாளர் வலியுறுத்துகிறார். கோடையில் உள்ளூர் மக்களும் கடைக்குச் செல்ல இ-பாஸ் பெற வேண்டும் எனக் கோருகிறார். ஏரி இருந்த இடத்தில்தான் பேருந்து நிலையமே நிற்கிறது என்றெல்லாம் நகைச்சுவையாக மிகைப்படுத்துகிறார்."

எங்கள் தெருமுனையில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி, தேநீர்க் கடையில் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், ஏரியை மூடச் சொல்ற இந்த ஆளு எந்த ஊருங்க? நம்ம வண்டிக்கும் பாஸ் வாங்கணுமாமே?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது உண்மையான கோபம். கட்டுரையாளர் யாரைக் கிண்டல் செய்தாரோ அவர்களுடைய கோரிக்கையே கட்டுரையாளரின் தலையில் ஏறிவிட்டது.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை நான் ஓரளவு அறிவேன். ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் நாளிதழ்ச் செய்திகளைச் சுருக்கி மேலதிகாரிகளின் பார்வைக்கு வைப்பதே என் வேலையாக இருந்தது. ஒருமுறை, ஒரு நகைச்சுவைப் பத்தியைப் பொதுமக்களின் புகார் என்று நானே சுருக்கி எழுதிவிட, யாருமே சொல்லாத ஒரு குற்றச்சாட்டுக்கு மறுப்புக் கடிதம் தயாராகிக் கையெழுத்து வரை போய்விட்டது. அதன் பிறகு நையாண்டி எழுத்து மேசைக்கு வந்தால், முதலில் அதில் 'நான்' என்று பேசுபவர் யார் என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தங்கள் கட்டுரையில் பேசுபவர் கட்டுரையாளர் அல்லர். "கார்களின் நலனுக்காகவே பிறவி எடுத்தவன்" என்று முதல் பத்தியிலேயே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஒரு பாத்திரம் அது. "தண்ணீரின் மேல் ஒரு காரையாவது நிறுத்த முடியுமா?" என்று ஏரியைப் பார்த்து ஆதங்கப்படுவதும், தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தை வீணாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதும் அந்தப் பாத்திரமே. அது கோருவதைக் கட்டுரையாளர் கோருவதாக எழுதினால் கட்டுரை தலைகீழாகிவிடும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டைப் பள்ளியில் படித்திருப்போம். இங்குள்ள ஆயுதங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பதே செய்தி. அதை "ஆயுதப் பராமரிப்பில் தொண்டைமான் சிறந்தவன் என்று ஔவை பாராட்டுகிறார்" என்று விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். ஆனால் அந்தப் பாட்டில் பொய் ஒன்றும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மிகைக் கூற்றுகள். மே மாதம் குன்னூரில் கிளம்பும் கார் உதகை சேர்வதற்குள் குறிஞ்சி இரண்டு முறை பூத்துவிடும் என்று கட்டுரையில் ஒரு வரி உண்டு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அந்த வரியை நம்பி யாரும் ஏமாற மாட்டார்கள். எவ்வளவு பெரிய மிகையோ அவ்வளவு பாதுகாப்பு அதற்கு உண்டு. ஏமாற்றுவது, நடந்தாலும் நடக்கலாம் என்று தோன்றும் சிறிய மிகைதான். உள்ளூர் மக்களுக்கு இ-பாஸ் என்பது அப்படிப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததும், 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு வைக்கப்பட்டதும் உண்மை. எங்கள் மாவட்டத்து டி.என்.43 வண்டிகளுக்குப் பாஸ் தேவையில்லை என்பதும் உண்மை. இந்த உண்மைகளின் நடுவே, பால் வாங்கப் போகும் பாட்டியும் பாஸ் காட்ட வேண்டும் என்ற கற்பனையை வைக்கும்போது, சுருக்கம் எழுதுபவர் அதை மற்றொரு நடைமுறையாக எடுத்துக்கொண்டுவிடுகிறார். சந்தேகம் வந்தால், 'இதைக் கட்டுரையாளரிடம் நேரில் கேட்டால் ஆம் என்று நிற்பாரா?' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். பாட்டியின் பாஸுக்கு அவர் நிற்க மாட்டார். 8,000 என்ற எண்ணுக்கு நிற்பார்.

என்னை அதிகம் வருத்தியது மூன்றாவது வாக்கியம். உதகை ஏரி ஒரு காலத்தில் இன்றைவிடப் பெரிதாக இருந்தது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் ஏரியின் பழைய பரப்பில் அமைந்தவை. அது மிகையே அல்ல. கட்டுரை முழுவதிலும் கட்டுரையாளர் தம் சொந்தக் குரலுக்கு மிக அருகில் வந்து பேசும் இடம் அதுதான். "ஏற்கெனவே பாதியைத் தூர்த்த நமக்கு மீதியைத் தூர்ப்பது ஒரு பாடா?" என்று பாத்திரம் கேட்கும்போது, 'பாதி' என்ற அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றாலும், தூர்த்தது நடந்த கதை. கற்பனையை உண்மை என்று எடுத்துக்கொண்ட அதே கை, உண்மையைக் கற்பனை என்று ஒதுக்கியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை ஏறிக் கடக்க மலை ரயில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று யாராவது எழுதினால், அதையும் நகைச்சுவை என்று தள்ளிவிடுவோம் போலிருக்கிறது. வியப்பாக இருப்பதெல்லாம் மிகையாகிவிடாது. சரிபார்த்த பிறகே அந்த முத்திரையைக் குத்த வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏரியைத் தூர்க்கச் சொல்வது கிண்டல் என்று புரிந்துகொண்டவுடனே, "சுற்றுலா வாகனங்களை முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்கிறார்" என்று திருத்திவிடக் கூடாது. அப்படியும் அவர் எங்கும் சொல்லவில்லை. நிறுத்துமிடத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் துணியும் மனப்போக்கை அவர் கேலி செய்கிறார். மாற்று வழி எதையும் முன்வைக்கவில்லை. சுருக்கமும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

தமிழில் வினைமுற்று ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். 'வலியுறுத்துகிறார்', 'கோருகிறார்' என்பவற்றுக்குப் பதிலாகப் 'பேச வைக்கிறார்', 'கேலி செய்கிறார்' என்று முடித்தாலே வாசகர் விழித்துக்கொள்வார். இடம் குறைவு என்பதையும் அறிவேன். ஆகவே அதே மூன்று வாக்கியங்களுக்குள் எழுதிப் பார்த்தேன்:

"கார்களின் நலனுக்காகவே வாழும் ஒரு கற்பனை மனிதரைப் பேச வைத்து, வாகன நிறுத்துமிடத்துக்காக ஊரையே விட்டுக்கொடுக்கத் துணியும் போக்கைக் கட்டுரையாளர் கேலி செய்கிறார். ஏரியைத் தூர்க்க வேண்டும், உள்ளூர்ப் பாட்டிக்கும் இ-பாஸ் வேண்டும் என்பவை அந்த மனிதரின் அபத்த யோசனைகள். ஏரியின் பழைய பரப்பில் பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் எழுந்த உண்மை வரலாற்றை இவற்றினூடே கட்டுரையாளர் நினைவூட்டுகிறார்."

இதையோ, இதனினும் சிறந்த ஒன்றையோ அடுத்த இதழில் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கார் ஓட்டும் தம்பியிடம் முழுக் கட்டுரையும் உள்ள என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். குறிஞ்சி வரிவரை வந்து சிரித்துவிட்டாராம். ஏரிப் பகுதி இன்னும் பாக்கி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குன்னூர், நீலகிரி.