கோப்பில் எண் போடுங்கள், வந்த அன்றே

ஆசிரியருக்கு,

அலுவலகங்களுக்கு மாதக்கணக்கில் அலைவோரின் கடிதங்கள் உங்கள் பகுதியில் அடிக்கடி வருகின்றன. "பல முறை எழுதியும் பதில் இல்லை" என்ற வரி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. எத்தனை முறை, எந்தத் தேதிகளில் என்பது பெரும்பாலும் இருக்காது. தபாலைப் பதிந்து கோப்பு கட்டும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்தக் கடிதங்களை வீட்டில் கோப்பாக வைப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு விவகாரத்துக்கு ஒரே கோப்பு, ஒரே வரிசை எண். அனுப்பியதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று என்று இரண்டு வரிசை வைத்தால் எது எதற்குப் பதில் என்பது இரண்டே மாதத்தில் குழம்பிவிடும். தாளின் வலது மேல் மூலையில் எண்ணை எழுதி வட்டமிடுங்கள். புத்தகம்போலப் பழையது முன்னாலும் புதியது கடைசியிலும் இருக்கட்டும். முகப்பில் ஒரு அட்டவணைத் தாள்: எண், கடிதத்தின் தேதி, கைக்கு வந்த அல்லது அனுப்பிய தேதி, யாரிடமிருந்து யாருக்கு, ஒரு வரியில் விஷயம்.

இரண்டு தேதி எதற்கு என்று கேட்கலாம். 4-ஆம் தேதியிட்ட கடிதம் 19-ஆம் தேதி தபாலில் சேர்ந்து 23-ஆம் தேதி வீட்டுக்கு வரும். உள்ளே "15 நாட்களுக்குள்" என்றிருக்கும். கடிதம் கைக்கு வரும்போதே கெடு முடிந்துவிட்டது. உறையைக் கிழித்து எறிந்திருந்தால் அதைக் காட்ட வழியில்லை. ஆகவே தபால் முத்திரையுள்ள உறையையும் அதே எண்ணோடு கடிதத்தின் பின்னால் கோத்துவிடுங்கள்.

பெயர்த் திருத்த விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்ணப்ப நகல் எண் 1, ஒப்புகைச் சீட்டு 2. இரண்டு ஆவணம் கேட்டு வந்த கடிதம் 3. அவற்றை இணைத்து அனுப்பிய கடிதம் 4. இணைப்புகளுக்குத் தனி எண் வேண்டாம், 4/1, 4/2 போதும். பதிவுசெய்து அனுப்பிய தபாலின் ரசீது 5, கையெழுத்தாகித் திரும்பிய ஒப்புகை அட்டை 6. மூன்று மாதம் கழித்து "ஆவணங்கள் இணைக்கப்படவில்லை" என்று ஒரு கடிதம் வருகிறது, அது 7. இப்போது எழுதும் பதிலில் "பார்வை" என்ற தலைப்பின் கீழ் 3, 4, 7 ஆகியவற்றைத் தேதியோடு குறிப்பிட்டு, 4/1, 4/2, 5, 6 நகல்களை இணைத்தால் ஐந்து வரிக் கடிதம் போதும். அலுவலகம் தன் கோப்புக்குக் கொடுத்த எண், நாம் 3 என்று எண்ணிட்ட கடிதத்தில் இருக்கும்; அதையும் எழுத மறக்கக் கூடாது. அது இல்லாத கடிதம் புதுத் தபாலாகப் பதிவாகி வேறு மேசைக்குப் போய்விடுவது சாதாரணமாக நடப்பதுதான். ஒப்புகை அட்டை உறை போய்ச் சேர்ந்ததைத்தான் காட்டும், உள்ளே என்ன இருந்தது என்பதை அல்ல. அதனால்தான் எண் 4-இன் அடியில் "இணைப்பு: 2" என்று ஆவணங்களின் பெயரோடு எழுதியிருக்க வேண்டும். நேரில் கொடுப்பது இன்னும் நல்லது. நகலில் முத்திரையோடு தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தேதியில்லாத முத்திரையால் பயன் குறைவு.

ரசீதுகளில் ஒரு தொல்லை உண்டு. வழவழப்பான தாளில் வரும் ரசீதில் மை கிடையாது. வெப்பத்தால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை, ஒட்டும் டேப் எல்லாமே அதற்குப் பகை. சில மாதங்களில் வெற்றுத் தாளாகிவிடக்கூடும். வாங்கிய அன்றே சாதாரணத் தாளில் நகலெடுத்து அதற்கு எண் போடுங்கள். அசலைக் காகித உறையில் வைத்து, உறைமேல் அதே எண்ணை எழுதுங்கள்.

விட்டுப்போன தாள் பிறகு கிடைத்தால் பழைய எண்களைத் திருத்தாதீர்கள். அந்த எண்கள் ஏற்கெனவே அட்டவணையிலும் உங்கள் கடிதங்களின் இணைப்பு வரியிலும் ஏறிவிட்டன. கிடைத்ததற்கு அடுத்த எண்ணைக் கொடுத்து, அட்டவணையில் அது இருக்க வேண்டிய இடத்தில் "எண் 12 பார்க்க" என்று எழுதினால் போதும். கோப்பிலிருந்து ஏதாவது தாளை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் எண்ணும் தேதியும் காரணமும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று இருக்க வேண்டும்.

தொலைபேசியில் பேசியதையும் அரைத்தாளில் எழுதி எண் போடலாம்: தேதி, நேரம், பேசியவரின் பதவி, சொன்ன வார்த்தை. ஆனால் அது நமது குறிப்பு மட்டுமே, அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. "இன்ன தேதியில் தொலைபேசியில் தெரிவித்தபடி" என்று மறுநாளே ஒரு கடிதம் அனுப்பினால்தான் பேச்சு அவர்கள் கோப்பிலும் ஏறும். அந்தக் கடிதத்துக்கு அடுத்த எண்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலக எழுத்தர் ஒருவர்