வள்ளம் தாழ்ந்ததா, தாழ்ந்துகொண்டிருந்ததா?

திருகோணமலை

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே போக மனம் வருவதில்லை. முழங்கால் முன்னைப்போலத்தான்.

உன் மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ சோ ஹிம் ரன்' என்பதற்கும் 'ஐ சோ ஹிம் ரன்னிங்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாளாம். நல்ல கேள்விதான், ஆனால் 'ரன்' நல்ல உதாரணம் இல்லை மச்சான். ஓட்டத்துக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. கொஞ்சம் ஓடினாலும் ஓடினதுதான், அதனால் இரண்டு வாக்கியமும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். முடிவுள்ள ஒரு வினையை எடுத்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

போன மாதம் கொட்டியாரக் குடாவில் ஒருவருடைய வள்ளம் ஓட்டையாகி நீர் ஏறியது. அவர் நீந்திக் கரைசேர்ந்துவிட்டார். அந்த நேரம் கரையில் நின்ற அவருடைய தம்பி, "அண்ணையின்ர வள்ளம் தாழுறதைக் கண்டனான்" என்று சொல்ல, காப்புறுதிக்காக அதை நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். 'ஐ சோ த போட் சிங்க்' என்று எழுதினேன். எவ்வளவு காலமாக மொழிபெயர்க்கிறவன், யோசிக்கவே இல்லை.

ஒரு கிழமையில் கேள்வி வந்தது: தாழ்ந்ததைக் கண்டதாகச் சொல்கிறீர்கள், வள்ளம் கரையில் இருக்கிறதே, எப்படி? நடந்தது என்னவென்றால், பாதி மூழ்கியபடி மிதந்த வள்ளத்தை மறுநாள் காலை மற்றவர்கள் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். தம்பி கண்டது தொடக்கத்தையும் நடுவையும் மட்டும்தான். அதற்குள் இருட்டிவிட்டது.

பிழை என்னுடையதுதான். 'சோ'வுக்குப் பிறகு வெறும் வினையடி வந்தால், நிகழ்ச்சி முழுவதையும் முடிவோடு சேர்த்துக் கண்டதாகப் பொருள். 'இங்' சேர்ந்தால், நடந்துகொண்டிருந்ததன் ஒரு துண்டைக் கண்டதாக மட்டுமே பொருள். பிறகு என்ன ஆனது என்று அந்த வாக்கியம் சொல்லாது. 'ஐ சோ த போட் சிங்கிங்' என்று எழுதியிருக்க வேண்டும். (தமிழ் எழுத்தில் பார்த்தால் வள்ளம் பாட்டுப் பாடுவதுபோலக் கிடக்கிறது, என்ன செய்ய!)

மாணவிக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடு. வாக்கியத்தின் முடிவில் 'ஆனால் அது மூழ்கவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒட்டிப் பார்க்கட்டும். 'சிங்கிங்' வாக்கியத்தோடு அது ஒட்டும். 'சிங்க்' வாக்கியத்தோடு ஒட்டினால், சொன்னவன் தன்னையே மறுப்பதாகிவிடும். ஓட்டத்துக்கும் ஒரு எல்லை வைத்தால் இதே கதைதான். 'ரன் டு த ஜெட்டி' என்றால் இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தான். 'ரன்னிங் டு த ஜெட்டி' என்றால் அந்தப் பக்கம் ஓடினான், போய்ச் சேர்ந்தானோ தெரியாது.

நான் சறுக்கியதற்குத் தமிழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'தாழ்வதைக் கண்டேன்' என்றால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கேட்பவர் சூழலை வைத்து விளங்கிக்கொள்வார். தேவைப்பட்டால்தான் 'தாழ்ந்துகொண்டிருந்ததை' என்று இழுப்போம். ஆங்கிலம் அப்படி விடாது, ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லும். அப்படியானால் மொழிபெயர்க்கிறவன் தம்பியிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: "தண்ணிக்குள்ள முழுசாப் போனதைக் கண்டனீரோ?" நான் கேட்கவில்லை.

நொடியில் முடிகிற வினைகளில் கதை வேறு. கோட்டைக்குள் திரியும் மான்களை நினைவிருக்கிறதா? 'ஐ சோ எ டியர் ஜம்ப்' என்றால் ஒரு பாய்ச்சல். 'ஜம்பிங்' என்றால் திரும்பத் திரும்பத் துள்ளிக்கொண்டு நின்றது என்றுதான் முதலில் தோன்றும், ஏனென்றால் ஒரே பாய்ச்சலுக்குள் நடுப்பகுதி என்று பிடிக்க நேரமில்லை. கதவு தட்டும் சத்தத்துக்கும் இதுவே: 'நொக்' ஒரே தட்டாகவும் இருக்கலாம், 'நொக்கிங்' என்றால் பல தட்டு.

கடிதத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். விசாரித்தவர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். காசு இன்னும் வரவில்லை, அதற்கு இலக்கணம் பொறுப்பில்லை.

மணப்பதற்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. 'ஐ ஸ்மெல் சம்திங் பேர்னிங்' என்றுதான் வரும், வெறும் 'பேர்ன்' அங்கே நிற்காது. எரிந்து முடிகிற வரை நின்று மணந்து பார்க்கிறவர் யார்? அடுப்பில் மீன்குழம்பு வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன், இப்போது அதே மணம்தான் வருகிறது. மீதி அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
சிவா