பணம் வராது மாப்ளே, சேலை வரும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் சேலைப் பார்சலும் ஒரே நாளில் வந்தன. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்தது கேட்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் கடைக்கு வருகிறான், போனைப் பார்க்கிறான், போகிறான். ஒல்லிப்பிச்சான் போன வாரம் வந்து அதே பழைய கடன் கதையை மறுபடி சொல்லிவிட்டுப் போனான். அவன் திருந்தமாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். சேலைக்கு நீ கொடுத்த 38,000 ரூபாயைத் திருப்பித் தர முடியாதுடா. 'பார்க்கலாம், கேட்டுச் சொல்கிறேன்' என்று இழுத்தால் நீ தினமும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது திட்டுவதென்றால் திட்டு. ஆனால் காரணத்தைப் படித்துவிட்டுத் திட்டு.

'ஜரிகை கறுத்துவிட்டது, போலி ஜரிகையைத் தலையில் கட்டிவிட்டாய்' என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே ராத்திரி கடையைச் சாத்திவிட்டுச் சேலையை மேசையில் விரித்தேன். குஞ்சத்திலிருந்து ஓர் இழை எடுத்துச் சுரண்டிப் பார்த்தேன். மேலே தங்கப் பூச்சு, அதற்குக் கீழே வெள்ளி, நடுவில் சிவப்புப் பட்டு நூல். அசல் ஜரிகைதான். போலி என்றால் உள்ளே செம்போ பிளாஸ்டிக்கோ வந்திருக்கும்.

அடுத்து முந்தானையைப் பார்த்தேன். கறுப்பு எல்லா இடத்திலும் இல்லை. ஒரே உயரத்தில், மடிப்புக்கு மடிப்பு, விளிம்பில் மட்டும் அரை விரல் அகலத்துக்கு ஓடுகிறது. மடிப்பின் உள்பக்கம் பளபளவென்று அப்படியே இருக்கிறது. நூலில் குறை என்றால் இழை போகும் வழியெல்லாம் கறுத்திருக்கும், இப்படி அளவெடுத்தது மாதிரி விட்டுவிட்டுக் கறுக்காது. நீ பார்சலிலேயே வைத்து அனுப்பிய வெட்டாத ரவிக்கைத் துண்டும் அதே பாவில் நெய்தது. அதன் கரை ஜரிகை இன்றைக்கும் புதுசு மாதிரி இருக்கிறது.

உடனே பாப்பாவுக்குப் போன் போட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பியூட்டிஷியன் சேலையை முன்கூட்டியே மடித்து, அயர்ன் பண்ணி, ரப்பர் பேண்டு போட்டுத் தந்தாளாம். விசேஷம் முடிந்ததும் குழந்தை அதே மடிப்பில், அதே ரப்பர் பேண்டோடு, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டாள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. கவருக்குள் வியர்வை ஈரமும் சேர்ந்தால் தங்கப் பூச்சைத் தாண்டி வெள்ளி கறுத்துப்போகும். பாப்பாவைத் திட்டாதே. இந்த மடிப்புக் கலாச்சாரம் வந்த பிறகு இப்படி எத்தனை சேலை வருகிறது என்று நினைக்கிறாய்!

பில்லில் 15 நாள், ஃபால்ஸ் தைக்காமல், கட்டாமல் இருந்தால் மாற்றித் தருவோம் என்று போட்டிருக்கிறது. உனக்கு இரண்டு மாதம் தாண்டிவிட்டது. நெசவில் குறை இருந்திருந்தால் நாள் கணக்கெல்லாம் பார்த்திருக்கமாட்டேன், தறிக்காரரிடம் சண்டை போட்டாவது மாற்றித் தந்திருப்பேன். 'கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்' என்று விளையாட்டாக எழுதியிருக்கிறாயே, 2019 சட்டமும் குறையுள்ள பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்கிறது. இது குறை இல்லடா, பராமரிப்பு. கட்டின சேலையை நான் எடுத்துக்கொண்டால் அதைப் புதுசென்று இன்னொருத்தி தலையில் கட்டவேண்டி வரும். அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சேலையை நம் பாலிஷ்காரரிடம் கொடுத்திருக்கிறேன், கூலி என்னுடையது. கறுப்பு பாதிக்குமேல் மங்கும் என்கிறார். முழுக்கப் போகும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தங்கச்சி புளி, எலுமிச்சை, வெள்ளி பாலிஷ் என்று எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம், இருக்கிற தங்கப் பூச்சும் போய்விடும். கறுத்த விளிம்பு உள்ளே போகிற மாதிரி மடிப்பை மாற்றி எடுத்தால் கட்டும்போது தெரியாது. எப்படி என்று பாப்பாவுக்கு உன் அண்ணி வீடியோ காலில் காட்டித் தருவாள். இனிமேல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கச் சொல், மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றட்டும். அந்துருண்டை ஜரிகைமேல் படக்கூடாது.

முகூர்த்தச் சேலைக்கு நீ வேறு கடைக்குப் போனால் அது உன் இஷ்டம். எனக்குக் கோபம் வரும், வராது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பத்திரிகை மட்டும் நேரில் வந்து வைக்கணும், வாட்ஸப்பில் அனுப்பினால் வரமாட்டேன்.

பாலிஷ் முடிய ஒரு வாரம் ஆகும். வந்ததும் கூரியர் போடுகிறேன். பிரித்தவுடன் முந்தானையை வெயிலில் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. போதாதென்றால் இன்னொரு தடவை போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் பட்டுக்கடைக்காரன்