கல்லைக் கவிழ்க்கும் நேரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். தோசைக்கல்லில் போட்ட நான் ரொட்டி உப்பவே இல்லை, ஓரம் வறண்டு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். 250 கிராம் மைதா, 60 கிராம் தயிர், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 100 மில்லிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ தண்ணீர். இரண்டு மணி நேரம் மூடி வைத்திருக்கிறாய். மாவில் குற்றமில்லை. சூடுதான் போதவில்லை.

நானில் கொப்புளம் எழும்புவது பெரும்பாலும் நீராவியால். அடிப்பக்கம் பட்டென்று சூடேறினால், மாவு இளக்கமாக இருக்கும்போதே ஆவி அதைத் தூக்கிவிடும். சிறு தீயில் போட்டால் ஈரம் மெல்ல மெல்ல வெளியேறும். மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டிவிடும், அதற்குப் பிறகு தீயைக் கூட்டினாலும் எழும்பாது. உனக்கு நடந்தது இதுதான்.

பிடியுள்ள கனமான இரும்புக் கல்லை நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிடு. ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பார். சொய்யென்று கொதித்து ஓரிரு நொடியில் வற்றினால் பதம் சரி. சத்தமில்லாமல் நுரைத்தால் இன்னும் காய வேண்டும். துளி முத்தாகத் திரண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, அடி கருகும், மேலே வேகாது. தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறு.

இந்த அளவு மாவில் ஆறு உருண்டை வரும். ஒவ்வொன்றையும் நாலைந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய். அதைவிட மெல்லியதானால் கொப்புளம் ஓட்டையாகி ஆவி போய்விடும். மேல்மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிடு. ஒரு பக்கம் முழுக்க, குறிப்பாக ஓரம் வரை, கையால் தண்ணீர் தடவி, அந்த ஈரப்பக்கம் கல்லில் படும்படி போடு. மேல்பக்கம் வேகக் கல்லை அப்படியே தீயின் மேல் கவிழ்க்கப் போகிறாய், அதற்கு நான் கல்லில் ஒட்டியிருக்க வேண்டும். ஈரம் படாத இடம் ஒட்டாது, கவிழ்க்கும்போது அங்கிருந்துதான் பிய்ந்து விழும். கல்லில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் இதே கதி. நான்ஸ்டிக் கல்லில் ஒட்டாது என்பதால் அதைக் கவிழ்க்கவே கூடாது, மூடி போட்டு வேகவைத்துத் திருப்பிப் போடு. இண்டக்ஷன் அடுப்புக்கும் அதுவே வழி.

இனி மேல்பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே. பத்துப் பதினைந்து நொடியில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். அரை நிமிடம் தாண்டும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். மாவின் ஈரப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கி நடுப்பகுதி வரை வெளுத்து வரும். பளபளப்பு முழுதும் போனதும் கல்லைக் கவிழ்க்க வேண்டும். முன்னதாகக் கவிழ்த்தால் பச்சை மாவு தொங்கிவிடும். தாமதித்தால் அடி தீய்ந்துவிடும்.

பிடியை உறுதியாகப் பிடித்து, தீக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே கல்லைக் கவிழ்த்துக் காட்டி, சுற்றிக்கொண்டே இரு. முதலில் கொப்புளங்களின் உச்சியில் பழுப்புப் புள்ளி விழும், பள்ளங்கள் பிறகு சிவக்கும். உச்சி கறுத்தும் பள்ளம் வெள்ளையாகவே இருந்தால் நீ தீக்கு மிகக் கிட்டத்தில் பிடிக்கிறாய் என்று அர்த்தம். முக்கால் நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். தட்டையான கரண்டியை ஓரத்தில் நுழைத்துப் பார். கழன்று வராவிட்டால் அடியில் ஈரம் மிச்சம் இருக்கிறது, கல்லை நிமிர்த்திப் பத்து நொடி தீயில் வைத்தால் தானாக விடும். இழுக்காதே, கிழியும்.

மூன்றாவது நானிலிருந்து அடி கருகுகிறதென்றால் ஆச்சரியமில்லை. கல் ஒவ்வொரு தடவையும் சூடேறிக்கொண்டே போகிறது. நடுநடுவே ஒட்டிய மாவைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, தண்ணீர்த் துளியை மறுபடி போட்டுப் பார்.

உருளைக்கிழங்கு குல்ச்சாவுக்கு இதே சூடு ஆகாது, கொஞ்சம் தணிக்க வேண்டும். உள்ளே பூரணம் இருப்பதால் பெரிய கொப்புளம் எதிர்பார்க்காதே, மேல்தோலில் சின்னதாக எழும்பினால் போதும். கிழங்கு நீர்த்திருந்தால் ஆவி பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வரும். மசித்த கிழங்கை வாணலியில் ஈரம் போகப் புரட்டி ஆறவைத்துவிட்டு நிரப்பு.

ஓவனில் செய்வதானால் 250 டிகிரி வை. கனமான தட்டைக் கவிழ்த்து மேல்தட்டில் வைத்து, நானைப் போடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் காயவிடு. ஓவனின் சூடு காட்டும் விளக்கு அணைந்ததும் பலர் போட்டுவிடுகிறார்கள், அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், தட்டு ஆகியிருக்காது. இரண்டாவது நிமிடத்தில் உப்ப வேண்டும், நாலாவது நிமிடத்தில் எடுத்துவிடு. அதற்கும் மேல் விட்டால் பிஸ்கட்தான். வெளியே எடுத்ததும் வெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வை.

அடுத்த தடவை செய்யும்போது தண்ணீர்த் துளி எப்படி வற்றியது, முதல் புடைப்பு எப்போது வந்தது என்பதை மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்