கல்யாணத்துக்கு முன் நான்கு சனிக்கிழமைகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல் முளைக்காத வாயால் என் மூக்குக்கண்ணாடியைக் கடித்த உன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா! இன்னும் நம்ப முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயமான ஜோடிகளுக்கு அடுத்த மாதம் ஒரு வகுப்பு நடத்துகிறேன். நான்கு சனிக்கிழமைகள், காலை 10 முதல் 12 வரை. ஆறு ஜோடிகள்தான். இருவரும் சேர்ந்து வர வேண்டும். பெற்றோருக்கு அனுமதி இல்லை, உனக்கும்தான்! கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருப்பது நல்லதாகப் போயிற்று. கடைசி இரண்டு வாரத்தில் வருகிறவர்களுக்குக் காது மட்டும்தான் இங்கே இருக்கும்.

நான் அதிகம் மெனக்கெடுவது இரண்டாவது வகுப்புக்கு. அன்று பணம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதச் சொல்வேன்: வருமானம், கடன், வீட்டுக்கு அனுப்பும் தொகை, எவ்வளவுக்கு மேல் செலவென்றால் மற்றவரைக் கேட்க வேண்டும். அப்புறம் தாளை மாற்றிக்கொள்வார்கள்.

போன தடவை ஒரு பையன் 'கடன்: இல்லை' என்று எழுதியிருந்தான். பொய்யில்லை. ஆனால் தம்பியின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தான். தம்பி கட்டாவிட்டால் இவன்தான் கட்ட வேண்டும். பேச்சுவாக்கில் அது வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. அவள் மூன்று நிமிடம் பேச வேண்டும், அவன் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "நீ சொல்வது சரி, ஆனால் அவன் என் தம்பி" என்று ஆரம்பித்தான். அந்த 'ஆனால்' வந்தாலே கேட்கவில்லை, பதில் தயார் செய்திருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாம் முறைதான், "கையெழுத்துப் போட்டதில் உனக்குக் கோபமில்லை, சொல்லாததில்தான் கோபம்" என்றான். அவள் தலையாட்டினாள். பிறகு இருவரும் உட்கார்ந்து, தவணை நின்றால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். தாளில் 'கடன்' என்பதற்குப் பக்கத்தில் 'ஜாமீன்' என்று நான் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

முதல் வகுப்புக்கு முன் ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் பேசுவேன். யாராவது மற்றவருக்குப் பயந்து பேசுவதாகத் தெரிந்தால் வகுப்பில் சேர்க்க மாட்டேன். பயம் இருக்கும் இடத்தில், சேர்ந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசச் சொல்வது வீட்டுக்குப் போனபின் ஆபத்தாக முடியும். அவர்களுக்குத் தனியாக வேறு உதவி வேண்டும். கல்யாணத்தை நிறுத்தச் சொல்வது என் வேலையில்லை, ஆனால் இந்த வகுப்புக்கு வந்த பிறகு தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அதையும் உன் மகளிடம் சொல்லிவிடு.

இரண்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் அவளையே எனக்குப் பேசச் சொல், நீ பேசாதே. மாப்பிள்ளைக்கு இஷ்டமா என்று முதலில் கேட்கட்டும். இரண்டாவது வாரம் சம்பளச் சீட்டும் கடன் விவரமும் இருவரும் கொண்டுவர வேண்டும். பேனா நான் தருகிறேன்.

உன் பழைய தோழி