ஒலியை அறுத்தார்கள், எழுத்தை மறந்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் போட்டால் வசவெல்லாம் உப்புச் சப்பில்லாமல் போய்விடுகிறது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பதினான்கு வருடமாக அந்த வேலையைச் செய்கிறவள் என்பதால் பதில் எழுதத் தோன்றியது. அவர் சொன்ன குறை உண்மைதான். ஆனால் பழியைத் தணிக்கையின் தலையில் போட்டிருக்கிறார். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் எங்கள் மேஜையிலேயே நடக்கிற தவறு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, வார்த்தைகளை மியூட் செய்து, யு அல்லது யுஏ சான்றிதழ் வாங்கிய பிறகுதான் ஒளிபரப்பலாம். 2023-ல் வந்த ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் யுஏ-வை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்ததோடு, தொலைக்காட்சிக்கென்று தனிச் சான்றிதழ் தரவும் வழி செய்திருக்கிறது. ஆக, ஒரே படத்துக்குத் திரையரங்கப் பிரதி ஒன்று, டிவி பிரதி ஒன்று. சப்டைட்டில் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான், திரையரங்குக்காக எழுதியது. டிவி பிரதியில் வார்த்தையின் ஒலி அறுந்து அரை வினாடி அமைதி வரும். அந்த அரை வினாடியில், கீழே எழுத்து மட்டும் அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் பளிச்சென்று காட்டிக்கொண்டிருக்கும். இதைக் கடைசி நேரத்தில் கவனித்துப் பதறிய ஒரு சேனல் என்ன செய்தது தெரியுமா? என் கோப்பில் 'ஆஸ்' என்ற மூன்றெழுத்து ஆங்கில வார்த்தை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நட்சத்திரக் குறி போடும்படி கம்ப்யூட்டரில் ஒரே தட்டாகத் தட்டிவிட்டார்கள். அது பள்ளிக்கூடக் கதை. 'க்ளாஸ்' என்று வரும் இடமெல்லாம், 'பாஸ்' என்று வரும் இடமெல்லாம் பாதி நட்சத்திரம். வாத்தியார் பாடம் எடுக்கிற காட்சியில் கெட்ட வார்த்தை பேசுவது போல ஆகிவிட்டது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நட்சத்திரம் போடுவதை நான் எப்போதுமே எதிர்க்கிறேன். ஒலி இல்லாத இடத்தில் நான்கு நட்சத்திரம் இருந்தால், பார்க்கிறவர் தனக்குத் தெரிந்ததிலேயே மோசமான வார்த்தையை அங்கே பொருத்திக்கொள்வார். பாத்திரம் சொன்னது வெறும் 'மயிரு' ஆக இருக்கும்.

அந்த வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். குறளில் கூச்சமில்லாமல் புழங்கிய சொல்தான். இன்று திட்டாகிவிட்டது. "என்ன மயிருக்கு இங்க வந்த?" என்றால் அது எரிச்சல். "ஒரு மயிரும் புடுங்க முடியாது" என்றால் சவால். "போடா மயிரு" என்றால் நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வேறு வரி வேண்டும். அகராதியைப் பார்த்து 'ஹேர்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன், பயந்துபோய் ஒன்றுமே எழுதாமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன். மூன்று வரியிலும் காரத்துக்கு 'டேம்' என்ற ஆங்கில வசவு போதும். பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2016-ல் மக்களைக் கேட்டு வசவுகளைத் தரம் பிரித்தபோது 'டேம்' லேசானவற்றின் வரிசையில்தான் வந்தது. அங்கே மிகக் கடுமையான சொற்களை இரவு 9 மணிக்கு முன் ஒளிபரப்பக்கூடாது என்பது விதி. லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் சாயங்காலம் பார்க்கிற படத்தில்கூட 'டேம்' யாரையும் உறுத்தாது. தமிழில் 'மயிரு'வின் கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கனத்துக்குக் கனம் சரியாக இருந்தால் போதும், பொருளுக்குப் பொருள் தேடவே வேண்டாம்.

பெரிய சிக்கல் வேறொரு வசவில் இருக்கிறது. பெற்ற தாயை இழுத்துத் திட்டும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறேன், இங்கே எழுதவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் அதற்கு 'சன் ஆஃப் எ பிட்ச்' என்று எழுதுவார்கள். பொருள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் எடை இறங்கிப்போகிறது. ஆங்கிலத்தில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்கூட அதைச் சொல்வார்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு அருவாள் எடுப்பார்கள். கதையில் அடுத்து கொலையே விழும். டிவி பிரதியில் ஒலியும் இருக்காது. அப்போது தமிழ் தெரியாதவருக்கு ஒருவன் ஏதோ முணுமுணுத்தான், இன்னொருவன் காரணமே இல்லாமல் பாய்ந்தான் என்றுதான் தெரியும்.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்ட வழி, திட்டிய வரியை விட்டுவிட்டு, அதற்குப் பதில் சொல்லும் வரியில் காரத்தை வைப்பது. ஒரு படத்தில் திட்டு வாங்கியவன் "என்னடா சொன்ன?" என்று மட்டும்தான் கேட்பான். நான் ஆங்கிலத்தில் "எங்க அம்மாவை என்னடா சொன்ன?" என்று பொருள் வரும்படி எழுதினேன். கூடுதலாக 'அம்மா' என்ற ஒரு சொல்தான். எந்த விதிமுறையும் அதைத் தடுக்காது. ஒலி போன வார்த்தை என்ன என்பதும், அவன் ஏன் கொதிக்கிறான் என்பதும் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. இயக்குநர் முதலில் "அவன் அம்மான்னு சொல்லலையே" என்றார். ஒலியை அணைத்துவிட்டு இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

சில வசவுகளில் கெட்ட வார்த்தையே இருக்காது. அங்கேதான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் சறுக்குகிறார். வடசென்னைக் கதை ஒன்று. இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, குடித்துவிட்டு வந்து நிற்கும் மருமகனைப் பார்த்துச் சொல்கிறாள்: "த்தூ, எச்சக்கல நாயே! எம் பொண்ணு தாலிய வித்துக் குடிச்சிட்டு எம் வாசல்லயே வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயா?" ஆறு வினாடியில் பொரிந்து தள்ளிவிடுகிறாள். வினாடிக்குப் பதினேழு எழுத்துக்கு மேல் போனால் பார்வையாளர் வரியை முடிப்பதற்குள் அது மறைந்துவிடும் என்று கணக்கு வைத்துத்தான் நான் எழுதுவேன். இடைவெளிகளையும் சேர்த்து நூறு எழுத்துதான் கையில் இருக்கிறது.

முதல் வரைவை என்னோடு வேலை செய்த பையன் எழுதினான். 'எச்சக்கல'யை விட்டுவிட்டு வெறும் 'டாக்' என்று போட்டு, காரத்துக்கு முன்னால் ஒரு நாலெழுத்து ஆங்கில வசவைச் சேர்த்திருந்தான். டிவிக்குப் போகாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்த அம்மாவே காணாமல் போய்விட்டாள். அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வராது. அவள் சொல்வது, சாப்பிட்டு எறிந்த இலையில் மிச்சத்தை நக்குகிறவன் நீ என்பது. அதாவது எங்கள் உழைப்பில் உட்கார்ந்து தின்கிறவன். எச்சில் என்ற எண்ணமே ஆங்கிலத்தில் நம்மைப் போலக் கிடையாது. 'ஸ்க்ராப்ஸ்' என்ற சொல் உண்டு, மிச்சம் மீதி என்று பொருள். கடைசியில் நாங்கள் வைத்ததைத் தமிழில் திருப்பிச் சொன்னால் இப்படி வரும்: "எங்க மிச்சத்துல வாழறவன் நீ. அவ கல்யாணச் சங்கிலிய குடிச்சிட்டு என் வாசலுக்கு வர்றியா? இதுக்குப் பேரு ஆம்பளயா?" 'விற்று' என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். சங்கிலியையே குடித்தான் என்றால் ஆங்கிலத்தில் கூடுதலாகக் குத்துகிறது, இடமும் மிச்சம். ஆங்கிலத்தில் எல்லாம் சேர்த்து 92 எழுத்து வந்தது. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அந்தக் காட்சியை எந்த நேரத்திலும் போடலாம்.

இன்னொன்று, மரியாதை. படம் முழுக்க "முதலாளி, முதலாளி" என்று கைகட்டி நின்ற கணக்குப்பிள்ளை கடைசியில் "யோவ், நிறுத்துய்யா" என்கிறான். தியேட்டரே கைதட்டும். ஆங்கிலத்தில் நீயும் 'யூ', நீங்களும் 'யூ'. அந்த வரியில் மட்டும் உட்கார்ந்து யோசித்தால் எதுவும் கிடைக்காது. ஒரு மணி நேரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். அவன் பேசுகிற ஒவ்வொரு வரியிலும் எழுத்துக் கணக்கு இடிக்கிறபோதுகூட விடாமல் 'சார்' போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் 'சார்' இல்லாமல், முதலாளியின் பெயரை மட்டும் மொட்டையாக வைத்தேன். அறைந்த மாதிரி இருந்தது.

வாசகரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காரம் குறையக் கூடாது என்று நாம் எல்லாவற்றையும் கேட்கவும் கூடாது. சாதிப் பெயரே வசவாக வருகிற இடங்கள் நம் படங்களில் ஏராளம். 'சண்டாளா' என்று பாசமாகக்கூடப் பேசுகிறார்கள். அது பட்டியல் சாதி ஒன்றின் பெயர். 2024-ல் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அந்தச் சொல்லைப் பொதுவெளியில் இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கும். இதைவிட நுட்பமான பொறி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டவன் என்பதற்கு ஆங்கிலத்தில் 'பரையா' என்று கூசாமல் எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதே நம்மிடமிருந்துதான், பறையர் என்ற பெயரிலிருந்து. ஒரு படத்தில் பஞ்சாயத்து ஒருவனைத் தள்ளி வைக்கிறது, வசனத்தில் சாதிப் பேச்சே இல்லை. சப்டைட்டிலில் மட்டும் அந்தச் சொல் ஏறி நின்றது. ஆங்கிலம் தெரிந்த எந்தச் சரிபார்ப்பாளரும் அதை வசவு என்று பிடிக்கவில்லை, எந்தப் பட்டியலிலும் அது இல்லை. நான் 'அவுட்காஸ்ட்' என்று மாற்றப்போய், அதற்குள்ளும் சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் தெரிகிறதே என்று தோன்றி, "இந்த ஊர்க் கதவு இனி உனக்குத் திறக்காது" என்ற பொருளில் எழுதினேன். அதன் எதிர்ப்பக்கமும் உண்டு. சாதிக் கொடுமையைக் காட்டவே எடுத்த படத்தில் ஆதிக்கக்காரன் சாதி சொல்லித் திட்டுகிறான் என்றால், அதை மழுப்பி 'ராஸ்கல்' என்று எழுதுவது அவனைக் காப்பாற்றுவதாகும். தணிக்கை ஒலியை விட்டுவைத்த இடத்தில் எழுத்தும் இருந்தே தீர வேண்டும்.

இவ்வளவையும் செய்ய எங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்கலாம். டிவி பிரதியின் கோப்பும், எந்தெந்த நிமிடத்தில் என்னென்ன வார்த்தை மியூட் ஆனது என்ற பட்டியலும் வேண்டும். அந்தப் பட்டியல் சான்றிதழ் வேலையின்போதே தயாராகிவிடுகிறது, தயாரிப்பாளர் அலுவலகத்தில் ஃபைலில் இருக்கும். அது கைக்கு வந்தால் இரண்டு மணி நேரப் படத்தின் சப்டைட்டிலை டிவிக்காகத் திருத்த எனக்கு இரண்டு நாள் போதும். பதினான்கு வருடத்தில் அந்தப் பட்டியலை நான் கேட்காமலே என்னிடம் கொடுத்தவர்கள் மூன்று பேர்.

இப்படிக்கு,
சப்டைட்டில் எழுதும் வாசகி,
வடபழனி, சென்னை.