வைப்புநிதி என்று சொல்லி விற்கப்பட்ட ஆயுள் காப்பீட்டு பாலிசியை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பாலிசிதாரர், குடும்ப ஓய்வூதியர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அவர்கள்,
அண்ணா சாலை, தேனாம்பேட்டை, சென்னை – 600 018.

பொருள்: தவறான தகவல் தந்து விற்ற பாலிசியை ரத்து செய்து, செலுத்திய தொகையைத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2025 ஜனவரியில் என் வங்கி வைப்புநிதி ரூ.2,50,000 முதிர்வடைந்தது. புதுப்பிக்கக் கிளைக்குச் சென்றபோது, "இதுவும் எஃப்டி மாதிரிதான், ஒரு தடவை போட்டால் போதும், ஐந்து வருடத்தில் வட்டியோடு வரும்" என்று சொல்லி ஊழியர் ஒருவர் கையெழுத்து வாங்கினார். 2026 ஜனவரியில் இரண்டாம் ஆண்டு பிரீமியம் ரூ.2,00,000 கட்டச் சொல்லி அறிவிப்பு வந்த பிறகே அது ஆயுள் காப்பீடு என்று தெரிந்தது. பிரீமியம் 10 ஆண்டு கட்ட வேண்டும்; முதிர்வு 20-ஆம் ஆண்டில்.

காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் செய்தேன். "படிவத்தில் தங்கள் கையெழுத்து உள்ளது, வேண்டாமென்றால் பாலிசியைத் திருப்பித் தருவதற்கான 30 நாள் ஃப்ரீலுக் காலமும் முடிந்துவிட்டது, வேண்டுமானால் சரண்டர் செய்யலாம்" என்று பதில் வந்தது. சரண்டர் என்பது ஒப்பந்தத்தை அறிந்து ஏற்றவர் நட்டத்தோடு பாதியில் விலகுவது. விற்பனையே பொய்யான விவரத்தின் மேல் நடந்தது என்பதுதான் என் புகார்.

கையெழுத்து என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் பார்க்க வேண்டும். என் ஓய்வூதியம் மாதம் ரூ.18,000, அதாவது ஆண்டுக்கு ரூ.2,16,000. படிவத்திலோ ஆண்டு வருமானம் ரூ.9,00,000 என்று உள்ளது. உண்மை வருமானத்தை எழுதியிருந்தால், அதில் பெரும்பகுதியை விழுங்கும் இந்த பிரீமியத்துக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம். படிவம் முழுக்க ஆங்கிலத்தில் வேறொருவர் கைப்பட நிரப்பியிருக்க, நான் தமிழில் ஒப்பமிட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட படிவத்தில், உள்ளடக்கத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னதாக நிரப்பியவர் தர வேண்டிய உறுதிமொழிப் பகுதி வெற்றாக இருக்கிறது.

ஃப்ரீலுக் காலம் பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஆவணம் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டதாம். படிவத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரி என்னுடையதல்ல. எனக்கு மின்னஞ்சலே கிடையாது.

வங்கிப் பாஸ்புக்கில் பிடித்தம் ரூ.2,09,000 என்று உள்ளது. ரூ.9,000 என்பது முதலாண்டு பிரீமியத்தின் மீது அப்போது இருந்த 4.5 சதவீத ஜிஎஸ்டி. வைப்புநிதி போடும் பணத்துக்கு ஜிஎஸ்டி ஏது? அந்த விவரம்கூட எனக்குச் சொல்லப்படவில்லை.

எனவே, அசல் முன்மொழிவுப் படிவம், நான் ஒப்பமிட்டதாகக் கூறும் பலன் விளக்க அட்டவணை, பாலிசி வழங்குமுன் செய்ததாகச் சொல்லும் சரிபார்ப்பு அழைப்பின் முழு ஒலிப்பதிவு, மின்னஞ்சல் அனுப்பிய பதிவு ஆகியவற்றை நிறுவனத்திடமிருந்து வரவழைத்துப் பார்வையிட வேண்டுகிறேன். ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் மட்டும் போதாது. "ஆமாம்" என்று நான் சொல்லியிருந்தால் எந்தக் கேள்விக்கு, எந்த மொழியில் என்பது ஒலியில்தான் தெரியும்.

பாலிசியைத் தொடக்க நாள் முதலே ரத்து செய்து, ரூ.2,09,000-ஐ, அதே நாளில் வைப்புநிதியைப் புதுப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியோடு திருப்பித் தர உத்தரவிடக் கோருகிறேன். இதே புகார் எந்த நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இல்லை.

இணைப்பு: பாஸ்புக் நகல், ஓய்வூதியச் சான்று, முன்மொழிவுப் படிவ நகல், பிரீமியம் அறிவிப்பு, நிறுவனத்துக்கு அனுப்பிய புகார், அதற்கு வந்த பதில்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்